பன்னிரண்டாவது தவணையை யார் கட்டினார்கள்

என்னிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு நகைச் சீட்டு அட்டை இருக்கிறது. முன்பக்கத்தில் கடையின் பெயரும் ஒரு அட்டியல் படமும், உள்ளே பன்னிரண்டு கட்டங்களும். பதினொரு கட்டங்களில் சீல் அடித்திருக்கும். பன்னிரண்டாவது கட்டத்தில் 'எங்கள் அன்பளிப்பு' என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்பது விதிகள், எல்லாம் ஆங்கிலத்தில். 2021 ஜூலையில் அந்த அட்டையை வாங்கிய நான், பின்பக்கத்தை முழுதாக வாசித்தது 2022 ஜூன் மாதம், கடைக்கு உள்ளேயே, கண்ணீரை அடக்கிக்கொண்டு. அந்த ஒரு வருடத்தில் நடந்ததைத் தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஆரையம்பதி. வீட்டில் தையல் மெஷின் வைத்து சட்டை, சாரி பிளவுஸ் தைக்கிறேன். அவர் கட்டாரில் வேலை. மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு அந்த வயது வந்தாலே தாய்க்கு ஒரு கணக்குத் தொடங்கிவிடும். சாமத்திய வீட்டுக்கு ஒரு பவுண் சங்கிலியாவது கழுத்தில் போடாமல் பிள்ளையைச் சபையில் இருத்த மனம் வருமா? ஒரே தடவையில் ஒரு பவுணுக்குக் காசு சேர்க்க எனக்கு வழியில்லை. கையில் இருந்தால் செலவாகிவிடும். அந்த நேரத்தில்தான் மட்டக்களப்பு பசாரில் ஒரு நகைக்கடையில், துணி எடுக்கப் போன வழியில், ஒரு தம்பி என்னை மறித்து அட்டையைக் காட்டினார்.

"அக்கா, பதினொரு மாசம் நீங்க கட்டுங்க, பன்னிரண்டாவது மாசம் நாங்க கட்டுவம்." இதுதான் அவர் சொன்ன முழு விளக்கம். மாதம் 15,000 என்றால் நான் கட்டுவது 165,000, கடை போடுவது 15,000, மொத்தம் 180,000. எனக்கும் கணக்குத் தெரியும். 165,000க்கு 15,000 என்றால் நூற்றுக்கு ஒன்பது வீதம். அதுவும் முழுக் காசும் ஒரு வருடம் கிடப்பதில்லை. முதல் தவணை பதினொரு மாதம் கிடக்கும், கடைசித் தவணை ஒரே மாதம்தான் கிடக்கும், சராசரியாகப் பார்த்தால் ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு ஒன்பது என்றால் வருடத்துக்குப் பதினெட்டு. அப்போது வங்கியில் நிலையான வைப்புக்கு ஐந்து, ஆறு வீதம்தான் தந்தார்கள். விட்டுவிடுவேனா? அன்றைக்கே முதல் தவணையைக் கட்டினேன். அன்று கடைப் பலகையில் 22 கரட் ஒரு பவுண், அதாவது எட்டுக் கிராம், 105,000 ரூபாய் மட்டில் இருந்தது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. பிழை, நான் எதை எதனோடு ஒப்பிட்டேன் என்பதில். வங்கியில் போட்டால் காசு வெளியே வரும். கடையில் கட்டினால் நகை வெளியே வரும். அந்த நகை எத்தனை கிராம் என்பது அட்டையில் எங்கும் இல்லை. என் அட்டையில் ரூபாய் மட்டும்தான் எழுதப்பட்டது. நகை எடுக்கும் நாளில் பலகையில் என்ன விலையோ அந்த விலைக்குத்தான் என் ரூபாய் தங்கமாக மாறும். அதாவது நான் பதினொரு மாதம் சேர்த்தது தங்கம் இல்லை, ரூபாய். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் மீதிக் கதையே இருந்திருக்காது.

ஓகஸ்ட் தவணையை 9ஆம் திகதி கட்டினேன். ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு நாடு முழுக்கத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டார்கள். அது எடுபட்டது ஒக்டோபர் 1ஆம் திகதி காலையில்தான். செப்டெம்பர் முழுவதும் கடை பூட்டு. நான் கட்ட நினைத்தாலும் யாரிடம் கட்டுவது? காசை எடுத்து ஒரு என்வலப்பில் போட்டு அலுமாரியில் வைத்தேன். சாமான் விலை ஏறி, தையலும் இல்லாத அந்த மாதத்தில் அந்த என்வலப்பைத் தொடாமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஒக்டோபர் 4ஆம் திகதி முதல் பஸ்ஸில் காத்தான்குடி, கல்லடி தாண்டி டவுணுக்குப் போய் இரண்டு மாதத் தவணையையும், 30,000 ரூபாயையும் ஒன்றாகக் கட்டினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு கட்டத்திலும் சீல் அடித்துத் தந்தாள். இரண்டு சீலிலும் ஒக்டோபர் 4 என்றுதான் திகதி. ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஐந்தாவது விதி, ஒரு தவணையாவது குறித்த திகதிக்குப் பிந்தினால் அன்பளிப்புத் தவணைக்கு உரிமை இல்லை என்று இருக்கிறது. ஊரடங்கு, வெள்ளம், சுகயீனம் என்று எந்த விதிவிலக்கும் அதில் இல்லை. பிந்திக் கட்டும் நாளில் கவுண்டரில் இருப்பவர் வாயால் "பரவாயில்லை அக்கா" என்று சொன்னாலும் அது போதாது. அந்த அட்டையிலேயே 'தாமதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்தும் திகதியும் வாங்க வேண்டும். அன்றைக்கு அவர்களும் ஊரடங்கால் அடிபட்டுப் போயிருந்தார்கள், கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது அந்தப் பிள்ளை அங்கே வேலையிலும் இல்லை.

ஒக்டோபருக்குப் பிறகு ஒரு மாதமும் பிந்தவில்லை. பலகையில் விலை மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. பெப்ரவரியில் நான் போனபோது 118,000 மட்டில். அன்று என் அட்டையில் எட்டுத் தவணை, 120,000 ரூபாய். கூலி, சேதாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அன்றைக்கே என் காசுக்கு ஒரு பவுண் தங்கம் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னும் மூன்று தவணை கட்டினால் அன்பளிப்பும் சேர்ந்து ஒன்றரைப் பவுணுக்குக் கிட்ட வரும் என்றுதான் மனதில் ஓடியது. மூத்தவளிடம் சங்கிலியோடு ஒரு சோடித் தோடும் எடுப்போம் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த பிடியை விட்டது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தங்கம் வெளிநாட்டில் டொலரில் விற்கும் பொருள். அங்கே விலை அசையாமல் நின்றாலும் இங்கே ரூபாய் விழுந்தால் பவுணின் விலை அதே வேகத்தில் ஏறும். மார்ச் 10ஆம் திகதி நான் ஒன்பதாவது தவணையோடு போனபோது பலகையில் 145,000 என்று எழுதியிருந்தார்கள். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை என்று அழித்து அழித்து எழுதியதில் அந்தப் பலகையே வெள்ளையாகிப் போயிருந்தது. எனக்குக் கால் நடுங்கியது. "தம்பி, நான் கட்டினது 135,000 இருக்கு. அன்பளிப்பு வேண்டாம். இன்றைய விலைக்கே அந்தக் காசுக்குரிய நகையைத் தாங்க, நான் முடிச்சுக்கொள்றேன்" என்றேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, திட்டம் பன்னிரண்டு மாதத்துக்கு, அதற்கு முன் நகையும் எடுக்க ஏலாது, காசும் திருப்பித் தர ஏலாது என்றார்.

இதுதான் நாம் உண்மையில் கையெழுத்திடும் விடயம். 'மாதம் 15,000 கட்டுகிறேன்' என்பது அதில் பாதி. மற்றப் பாதி, 'பன்னிரண்டு மாதத்துக்குள் விலை எங்கே போனாலும் நான் வெளியே வரமாட்டேன், வரும்போது நகையாக மட்டும் எடுப்பேன், அதுவும் இந்தக் கடையில் மட்டும் எடுப்பேன்' என்பது. தவணையை இடையில் நிறுத்தலாம், நிறுத்தினால் அன்பளிப்புப் போகும், கட்டிய காசு பன்னிரண்டாவது மாதம் வரை அங்கேயே கிடக்கும். விலை ஏறும் நாட்களில் அப்படிக் கிடக்கும் காசு ஒவ்வொரு நாளும் தேய்கிறது. நிறுத்தினாலும் நட்டம், கட்டினாலும் நட்டம். நான் கட்டினேன். ஏப்ரலில் பலகையில் 175,000. மே மாதம் கொஞ்சம் இறங்கி 168,000.

அந்த நாட்களில் எனக்கு இரவில் நித்திரை இல்லை. கட்டாரில் இருந்து அவர் அனுப்பும் காசு முழுவதும் சாமானுக்கே போனது. அவரிடம் சொன்னால் அங்கே தனியே இருந்து யோசிப்பார் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் "உனக்கு யார் கட்டச் சொன்னது" என்பார். எனக்கு நானே மெஷினில் குனிந்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கல்முனையில் இருக்கும் என் மச்சாள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அங்கே ஒரு கடையில் கட்டுகிறாள் என்று தெரியும். அவளின் அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவளின் கட்டங்களில் ரூபாய்க்குப் பக்கத்தில் அன்றைய விலையும், அந்தக் காசுக்குரிய கிராமும் பேனையால் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அன்பளிப்புத் தவணை என்று ஒன்றும் இல்லை. ஆனால் விலை ஏற முன் கட்டிய காசு அன்றைய விலைக்கே கிராமாகப் பதிவாகிவிட்டது. பிறகு விலை எங்கே போனாலும் அந்தக் கிராமை யாரும் குறைக்க ஏலாது. இரண்டு திட்டங்களையும் ஊரில் ஒரே பெயரால்தான் சொல்கிறோம், 'நகைச் சீட்டு' என்று. உள்ளே அவை இரண்டும் எதிரும் புதிரும்.

அன்றிரவு என் அட்டையை எடுத்து, ஒவ்வொரு தவணையையும் அந்தந்த நாளின் விலையால் பிரித்துப் பார்த்தேன். 2021 ஜூலையில் கட்டிய 15,000, கிராமாக எழுதியிருந்தால் 1.14 கிராம். 2022 ஏப்ரலில் கட்டிய அதே 15,000 வெறும் 0.69 கிராம். பதினொன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 11 கிராம் வந்தது. ஜூனில் நான் நகை எடுக்கப் போன நாளில் பலகை விலை 165,000. என் கையில் இருந்தது 165,000. அதாவது சரியாக எட்டுக் கிராம். அன்பளிப்பு முழுதாகக் கிடைத்தாலும் அன்றைய விலைக்கு அது முக்கால் கிராமுக்கும் குறைவு. மூன்று கிராமை விட்டு முக்கால் கிராமுக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். பெப்ரவரியில் எட்டுத் தவணைக்கு ஒரு பவுண் இருந்தது, அதற்குப் பிறகு 45,000 கட்டியும் அதே ஒரு பவுண்தான்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். கிராமாக எழுதும் திட்டம் எப்போதும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 2022 நடுப்பகுதியில் உச்ச விலைக்குக் கிராம் எழுதியவர்கள், 2023இல் ரூபாய் மீண்டு பவுண் ஒன்றரை லட்சம் அளவுக்கு இறங்கியபோது கொஞ்சம் இழந்தார்கள். அப்போது ரூபாயாகக் கட்டியவர்களுக்குத்தான் லாபம். விலை ஏறுமா இறங்குமா என்று எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் கடைக்காரர் நம் காசை வாங்கிய அன்றே அன்றைய விலைக்குத் தங்கம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு விலை ஏறினால் அந்த ஏற்றம் அவருக்கு. அதில் இருந்து ஒரு தவணையை எடுத்து நமக்கு அன்பளிப்பாகத் தருவது அவருக்குப் பாரமில்லை. வட்டியில்லாமல் கிடைக்கும் முதல் அது. மகளின் சங்கிலி என்று கிராமில் தேவை இருப்பவர், ரூபாயில் சேர்த்தால் விலை ஏற்றத்தின் முழுச் சுமையும் அவர் தலையில். அதனால் அட்டை வாங்க முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மாதாமாதம் இதில் கிராம் எழுதுவீங்களா, ரூபாய் மட்டும்தானா?" என்பது.

இனி நகை எடுத்த நாள். ஜூன் மாதம் பெற்றோல் வரிசை எங்கும் கிலோமீட்டர் கணக்கில். பஸ் குறைவு. எப்படியோ பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டுக் கிராம் சங்கிலி கேட்டேன். ஒரு தட்டை எடுத்து வைத்து, திட்டக்காரர்களுக்கு இந்தத் தட்டில் இருந்து எடுக்கலாம் என்றார்கள். பக்கத்துத் தட்டில் அதே பின்னல், கொஞ்சம் வேலைப்பாடு குறைந்த ஒரு சங்கிலி கிடந்தது. அது சாதாரண விற்பனைக்கு, அதில் அன்பளிப்பு சேராது என்றார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பக்கத்துத் தட்டில் சேதாரம் எட்டு வீதம். எனக்குரிய தட்டில் பதினான்கு.

சேதாரம் என்பது நகை செய்யும்போது அரத்தில் போகும், உருக்கில் போகும் தங்கத்துக்கு என்று நம்மிடம் வாங்கும் காசு. அது எவ்வளவு என்று எந்தப் பொது அளவும் இல்லை, கடைக்குக் கடை, நகைக்கு நகை மாறும். அந்த வீதத்தைக் கடைதான் சொல்லும். என் அட்டையின் ஏழாவது விதி, சேதாரமும் கூலியும் எடுக்கும் நாளில் கடை தீர்மானிக்கும் என்கிறது. இப்போது என் பில்லைப் பாருங்கள். எட்டுக் கிராம் தங்கம் 165,000. சேதாரம் பதினான்கு வீதம், அதாவது 1.12 கிராம், கிராம் 20,625 படி 23,100. கூலி 6,500. எல்லாம் 194,600. நான் கட்டியது 165,000. இன்னும் 29,600 வேண்டும். பதினொரு மாதம் கட்டி முடித்தவளிடம் இன்னும் இரண்டு தவணைக்குரிய காசு கேட்கிறார்கள். அன்பளிப்பு எங்கே என்று கேட்டேன். ஐந்தாவது விதியைக் காட்டினார்கள்.

அப்போதுதான் அட்டையின் பின்பக்கத்தை முழுதாக வாசித்தேன். கடைக்குள் ஆட்கள் நின்றார்கள். ஒரு மணமகளோடு வந்த குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வெட்கமும் கோபமும் சேர்ந்து தொண்டை அடைத்தது. இருந்தாலும் எழும்பிப் போகவில்லை. முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். "அண்ணன், செப்டெம்பரில் கடையைப் பூட்டினது நீங்க. ஒக்டோபர் திறந்ததும் முதல் ஆளா வந்து இரண்டு மாசக் காசையும் கட்டினது நான். இது என் பிழையா?" என்றேன். அவர் சீல்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "தங்கச்சி, விதி விதிதான். ஆனா உங்களுக்காகப் பாதி தாறன்" என்றார். 7,500 கழித்தார்கள். 22,100 கையால் கட்ட வேண்டி வந்தது. கையில் இருந்தது 6,000. அன்றைக்கே வெளியே போய், என் காதுத் தோட்டை வங்கியில் அடகு வைத்து மீதியைக் கட்டிச் சங்கிலியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் போட்டேன். எட்டு வீதத்துக்கும் பதினான்கு வீதத்துக்கும் இடையில் ஆறு வீதம். எட்டுக் கிராமில் அது 0.48 கிராம், 9,900 ரூபாய். அன்பளிப்பு என்று எனக்குத் தந்தது 7,500. அதாவது அன்பளிப்பையே வாங்காமல், சாதாரண ஆளாகப் பக்கத்துத் தட்டில் எடுத்திருந்தால் 2,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். முழு அன்பளிப்பு கிடைத்திருந்தாலும் 15,000இல் 9,900 சேதாரமாக அவர்களிடமே திரும்பிப் போயிருக்கும், மிஞ்சுவது 5,100. அட்டையில் அன்பளிப்பு என்று இருந்த பன்னிரண்டாவது தவணையில் பெரும் பங்கை வாங்குபவர்தான் கட்டுகிறார், வேறொரு வரியின் கீழ். இது களவு இல்லை. எல்லாம் அட்டையில் எழுதியிருந்தது. எனக்கு விளங்கும் மொழியில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சேதாரத்தைச் சேரும் நாளிலேயே கேளுங்கள். "திட்டம் முடிந்து வரும்போது எந்தத் தட்டில் இருந்தும் எடுக்கலாமா, சேதாரம் எத்தனை வீதத்துக்கு மேல் போகாது" என்று கேட்டு, ஒரு எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் அன்பளிப்பு எவ்வளவு என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை. இன்னொரு வேலையும் செய்யலாம். அட்டையை வெளியே எடுக்காமல், வெறும் வாடிக்கையாளராகப் போய் ஒரு சங்கிலியின் முழு விலையைக் கேளுங்கள். பிறகு திட்டக்காரராக அதே நிறைக்குக் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்பளிப்பில் இருந்து கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான அன்பளிப்பு. சேதாரம் திரும்பி வராத காசு என்பதையும் மறக்க வேண்டாம். பின்னர் ஒரு அவசரத்துக்கு அந்தச் சங்கிலியையே வங்கியில் அடகு வைத்தேன். தராசில் வைத்து எட்டுக் கிராம் என்று எழுதினார்கள். நான் காசு கொடுத்த 9.12 கிராமை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, பலரும் யோசிக்காதது. இந்தப் பதினொரு மாதக் கணக்கு ஏன் பதினொன்று? இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் கம்பனி வைப்பு விதிகள், பொருளுக்கென்று வாங்கிய முற்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது வைப்பாகக் கருதப்படும் என்கின்றன. அந்த எல்லைக்குள் முடியும்படி அமைந்ததுதான் அங்கத்தைய பதினொரு மாதத் திட்டங்கள். இந்தியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பார்த்துப் பார்த்து நமக்கும் அது பழகிவிட்டது. இங்கே வைப்பு வாங்குவதற்கு வங்கியாகவோ, 2011ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதிக் கம்பனியாகவோ இருக்க வேண்டும். அங்கே போட்ட காசுக்கு மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு லட்சம் வரை உண்டு. நகைக்கடையில் நாம் கட்டுவது வைப்பு இல்லை, முற்பணம். கடை நாளைக்குப் பூட்டினால் அந்தக் காப்புறுதி நமக்கு வராது, கடன்காரர் வரிசையில் நாமும் ஒருவர். அதனால் ஒரே கடையில் இரண்டு, மூன்று அட்டை போடாதீர்கள். அட்டையில் சீல் மட்டும் போதாது, ஒவ்வொரு தவணைக்கும் கடையின் பதிவு இலக்கத்தோடு பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து மூலம் முறையிடுவதென்றால் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். எனக்கு அது தெரிய வந்தது ஐந்து மாதம் கழித்து.

இப்போது இளையவளுக்கு ஏழு வயது. அவளுக்கும் சேர்க்கிறேன். மாதம் 10,000, வங்கிச் சேமிப்புக் கணக்கில், அட்டை இல்லாமல், ஏடிஎம் காட் எடுக்காமல். இரண்டு கிராமுக்குரிய காசு சேர்ந்ததும் மூன்று கடையில் விலை கேட்டு, வேலைப்பாடில்லாத இரண்டு கிராம் தங்கக் காசு ஒன்று வாங்குகிறேன். சேதாரம் இல்லை, கூலி கொஞ்சம்தான். நகையாக மாற்றும் நாளில் கூலியும் சேதாரமும் வரத்தான் செய்யும், ஆனால் அன்று எந்தக் கடைக்கும் போக எனக்குச் சுதந்திரம் இருக்கும். முதல் தங்கக் காசை 2023 நடுப்பகுதியில் வாங்கினேன். பற்றுச்சீட்டில் நிறை, கரட், அன்றைய விலை மூன்றும் எழுதச் சொல்லி, கடைக்காரர் எழுதி முடிக்கும் வரை கவுண்டரில் நின்றேன். அந்தச் சீட்டை மஞ்சள் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.